சம்பள அக்கவுண்ட் மாத்த மெயில் எழுதுறீங்களா? பேரோல் சரிபார்க்கிற மாதிரி எழுதுங்க

வணக்கம் மக்களே. இன்னிக்கு ஒரே ஒரு மெயிலை எடுத்துத் திருத்தி எழுதப் போறோம். சம்பளம் வர்ற பேங்க் அக்கவுண்டை மாத்தச் சொல்லி பேரோலுக்கு அனுப்புற மெயில். முதல்ல, நிறைய பேர் எப்படி எழுதுறாங்கன்னு ஸ்க்ரீன்ல பாருங்க.

"சார், என் சேலரி அக்கவுண்ட் மாறிடுச்சு. புது நம்பர் கீழே இருக்கு. இந்த மாசத்துலேர்ந்தே இதுல போடுங்க, ரொம்ப அவசரம். ஏதாவது டவுட்னா இந்தப் புது நம்பருக்குக் கூப்பிடுங்க."

இதைப் படிக்கிற பேரோல்காரருக்கு உடனே சந்தேகம் வரும், வரணும். ஏன்னா சம்பளத்தைத் திருடுறவங்க அனுப்புற மெயிலும் அச்சு அசலா இப்படித்தான் இருக்கும். அவசரம், புது அக்கவுண்ட், புது போன் நம்பர். நீங்க உண்மையான ஆளா இருந்தாலும், அதைச் சரிபார்க்க இந்த மெயில்ல ஒரு பிடி கூட இல்லை. பேரோல்ல கவனமான ஆள் இருந்தா மெயில் அப்படியே நிக்கும். கவனம் இல்லாத ஆள் இருந்தா, நாளைக்கு உங்க பேர்ல வேற யாரோ அனுப்புறதும் அதே மாதிரி பாஸ் ஆயிடும்.

இப்போ மாத்துவோம். உதாரணத்துக்கு எஸ். கார்த்திகேயன்னு ஒரு ஊழியர், எம்ப்ளாயி நம்பர் 4471, ஜூலை சம்பளத்துலேர்ந்து மாத்தணும்னு வச்சுக்கோங்க. அந்தக் கம்பெனியில மாசம் 20-ஆம் தேதியோட பேரோல் இன்புட் மூடுது, அதாவது அதுக்கப்புறம் வர்ற மாற்றம் அந்த மாச சம்பளத்துல சேராதுன்னும் வச்சுக்குவோம்.

பொருள் வரியிலேயே வேலையைச் சொல்லிடணும்: "சம்பள வங்கிக் கணக்கு மாற்றம் – எம்ப்ளாயி எண் 4471 – ஜூலை சம்பளம் முதல்". எந்த மாசம்னு சொல்லாம "உடனே"ன்னு எழுதுறதுதான் முதல் தப்பு. ஜூலை 23-ஆம் தேதி இந்த மெயில் போனா, ஜூலை சம்பளம் பழைய அக்கவுண்டுக்கே போகும். அதனால "20-ஆம் தேதிக்குள் பதிவாகாவிட்டால் ஜூலை சம்பளம் பழைய கணக்கிலேயே வரட்டும், ஆகஸ்டிலிருந்து மாற்றவும்"னு ஒரு வரி சேர்த்துடுங்க. பாதி வழியில மாத்தப் போய் குழப்பம் வராது.

அடுத்தது பெயர். நம்ம ஊர்ல இது பெரிய தலைவலி. ஹெச்.ஆர் பதிவுல S KARTHIKEYAN. பேங்க்ல KARTHIKEYAN S. ஆதார்ல அப்பா பேரோட KARTHIKEYAN SELVARAJ. ஒரே ஆள்தான். ஆனா பல கம்பெனிகள்ல புது அக்கவுண்டுக்கு ஒரு ரூபாய் அனுப்பி, பேங்க்ல இருக்கிற பெயர் என்னன்னு பார்ப்பாங்க. பென்னி டிராப்னு சொல்வாங்க. அதுல வர்ற பெயர் பொருந்தலைன்னா கோரிக்கை நின்னுடும். அதனால மெயில்லயே முன்கூட்டி எழுதிடுங்க: "வங்கியில் பதிவான பெயர் KARTHIKEYAN S. கம்பெனி பதிவில் S KARTHIKEYAN. எஸ் என்பது என் தந்தை பெயர் செல்வராஜின் முதலெழுத்து." ஜாயிண்ட் அக்கவுண்டா இருந்தா, முதல் பெயர் யாரோடதுன்னும் சொல்லுங்க.

அக்கவுண்ட் நம்பர், ஐஎஃப்எஸ்சி. இதைக் கொஞ்சம் பக்கத்துல பாருங்க. ஐஎஃப்எஸ்சி 11 எழுத்து. முதல் நாலு பேங்க்கைக் குறிக்கும், உதாரணமா இந்தியன் பேங்க்னா IDIB. அஞ்சாவது எப்பவுமே பூஜ்யம். அங்க நிறைய பேர் ஆங்கில ஓ எழுத்தைத் தட்டிடுறாங்க. பார்க்க ஒண்ணு மாதிரியே இருக்கும், சிஸ்டம் ஏத்துக்காது. கடைசி ஆறு கிளைக்கான குறியீடு. பேங்க் இணைப்பு நடந்திருந்தா பழைய செக்ல இருக்கிற குறியீடு மாறியிருக்கலாம். 2020 ஏப்ரல்ல அலகாபாத் பேங்க் இந்தியன் பேங்க்கோட சேர்ந்தது அதுக்கு ஒரு உதாரணம். அதனால பழைய செக் புத்தகத்தை நம்பாம, இப்போதைய பாஸ்புக்கையோ பேங்க் ஆப்பையோ பார்த்து எழுதுங்க.

அக்கவுண்ட் நம்பரைத் தட்டாம காப்பி பண்ணிப் போடுங்க. ஏன் இவ்வளவு சொல்றேன்னா, நெஃப்ட்ல பணம் வரவு வைக்கிறது அக்கவுண்ட் நம்பரை வச்சுத்தான். தப்பா எழுதின நம்பர்ல கணக்கே இல்லைன்னா பணம் கம்பெனிக்குத் திரும்பி வரும், சம்பளம் லேட்டாகும், அவ்வளவுதான். ஒரு இலக்கம் மாறி அது வேற ஒருத்தரோட உண்மையான அக்கவுண்டா இருந்துட்டா, பெயர் வேறயா இருந்தாலும் பணம் அங்க போய் உட்கார்ந்துடலாம். திரும்ப வாங்க அவரோட சம்மதம் வேணும்.

ஆதாரத்துக்கு, பெயர் அச்சிட்ட கேன்சல் செக். குறுக்கே ரெண்டு கோடு போட்டு CANCELLED-னு எழுதுங்க, அக்கவுண்ட் நம்பர் மறையக் கூடாது, கையெழுத்துப் போடவே வேண்டாம். செக்ல பெயர் இல்லைன்னா பாஸ்புக் முதல் பக்கம் போதும். ஏடிஎம் கார்டு போட்டோ, பின், ஓடிபி எதுவும் எந்த பேரோலுக்கும் தேவையில்லை.

இப்போ முக்கியமான இடம். பழைய அக்கவுண்டோட கடைசி நாலு இலக்கத்தை எழுதுங்க, எதை மாத்துறோம்னு அவங்களுக்குத் தெரியும். ஆனா அது மட்டும் நீங்கதான்னு நிரூபிக்காது. உங்க மெயிலுக்குள்ள ஒருத்தன் புகுந்திருந்தா, பழைய பேஸ்லிப்பும் அதுலயே கிடக்கும், அந்த நாலு இலக்கம் அவனுக்கும் கிடைக்கும். பேரோல் அனுப்புற பதிலை உங்க கண்ணுல படாம அழிச்சிடவும் அவனால முடியும். அதனால மெயில்ல போன் நம்பரே எழுதாதீங்க. இப்படி எழுதுங்க:

"எம்ப்ளாயி பதிவில் ஏற்கெனவே உள்ள என் கைப்பேசி எண்ணுக்கு அழைத்து உறுதி செய்த பிறகே மாற்றவும். இந்த மெயிலிலோ இதன் பதில்களிலோ வரும் வேறு எந்த எண்ணையும் பயன்படுத்த வேண்டாம். அழைக்கும்போது புதிய கணக்கின் கடைசி நான்கு இலக்கங்களை நான் சொல்கிறேன்."

இந்த மூணு வரிதான் மெயிலோட உயிர். போன் நம்பரும் மாறியிருந்தா, முதல்ல ஹெச்.ஆர்கிட்ட நேர்ல போய் ஐடி கார்டு காட்டி நம்பரை மாத்துங்க. ரெண்டு மாற்றத்தையும் ஒரே மெயில்ல கேட்டா, யாராலயும் எதையும் சரிபார்க்க முடியாது. கம்பெனியில எம்ப்ளாயி போர்ட்டல் இருந்தா கோரிக்கையை அதுலயே போடுங்க. இல்லைன்னா கம்பெனி மெயில் ஐடியிலேர்ந்து மட்டும், சொந்த ஜிமெயில்லேர்ந்து வேண்டாம்.

கடைசி வரி: "மாற்றம் பதிவானதும் அமலாகும் மாதத்தைக் குறிப்பிட்டு உறுதி செய்யவும்." அந்தப் பதில் வந்தாலும் பழைய அக்கவுண்டை மூடாதீங்க. புது அக்கவுண்ட்ல முதல் சம்பளம் வரட்டும். வீட்டுக் கடன், இன்ஷூரன்ஸ் பிடித்தம் எல்லாம் பழைய அக்கவுண்டோடதான் இணைஞ்சிருக்கும், சம்பளம் மாறினா அது தானா மாறாது. ஒவ்வொண்ணுக்கும் புது மேன்டேட், அதாவது மாசாமாசம் பணம் பிடிச்சுக்கிற அனுமதி கொடுத்து, அது புது அக்கவுண்ட்லேர்ந்து ஒரு தடவை பிடிச்ச பிறகு பழையதை மூடுங்க.