சோர்ஸும் மீட்டரும் இடம் மாறினால் ரீடிங் மாறுமா? ஐந்து ரெசிஸ்டர் லேடரில் பார்த்துவிடுவோம்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு டேபிளில் அதிகம் எதுவும் இல்லை. ஒரு ப்ரெட்போர்டு, ஐந்து ரெசிஸ்டர், 10 வோல்ட்டில் வைத்த பவர் சப்ளை, அப்புறம் கடையில் கிடைக்கும் சாதாரண மஞ்சள் மல்டிமீட்டர். சோர்ஸையும் அம்மீட்டரையும் இடம் மாற்றினாலும் மீட்டர் கரண்ட் மாறாது என்கிற ரெசிப்ராசிட்டி தியரத்தைச் சோதிக்கப் போகிறோம். பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி லேப்களில் செய்கிற சோதனைதான். ஆனால் ரெக்கார்டு நோட்டில் "தியரம் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவதால், இதில் இருக்கும் சுவாரசியமான இடம் பலர் கண்ணில் படுவதே இல்லை.

முதலில் சர்க்யூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாக நெடுக்கே மூன்று ரெசிஸ்டர்: 1 கிலோ ஓம், 3.3 கிலோ ஓம், 2.2 கிலோ ஓம். நடுவில் வரும் இரண்டு சந்திப்புகளிலிருந்தும் கிரவுண்டுக்குக் குறுக்கே ஒவ்வொன்று: இடது சந்திப்பில் 2.2 கிலோ ஓம், வலது சந்திப்பில் 1 கிலோ ஓம். வேண்டுமென்றேதான் சமச்சீர் இல்லாமல் போட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் இடம் மாற்றினாலும் அதே ரீடிங் வருவதில் என்ன அதிசயம்? நிறைய லேப் சர்க்யூட்டுகள் இப்படிச் சமச்சீராக இருப்பதுதான் என் குறை.

இடது முனையில் 10 வோல்ட் கொடுக்கிறோம். வலது முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அம்மீட்டர். எவ்வளவு கரண்ட் வரும்? லேடருக்கு எனக்குப் பிடித்த வழி, கடைசியிலிருந்து கணக்குப் போடுவது. மீட்டரில் 1 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 2.2 கிலோ ஓம் வழியாக வந்ததால் வலது சந்திப்பில் 2.2 வோல்ட். அங்கே குறுக்கே இருக்கும் 1 கிலோ ஓமில் 2.2 மில்லி ஆம்பியர். இரண்டையும் கூட்டினால் நடுவில் இருக்கும் 3.3 கிலோ ஓமில் 3.2 மில்லி ஆம்பியர், அதில் 10.56 வோல்ட் இறங்கும். ஆகவே இடது சந்திப்பில் 12.76 வோல்ட். அங்கே குறுக்கே 2.2 கிலோ ஓமில் 5.8 மில்லி ஆம்பியர். மொத்தம் 9 மில்லி ஆம்பியர் முதல் 1 கிலோ ஓமில் போகிறது, அதில் 9 வோல்ட். சோர்ஸில் 21.76 வோல்ட் இருந்தாக வேண்டும். 21.76 வோல்ட்டுக்கு 1 மில்லி ஆம்பியர் என்றால் 10 வோல்ட்டுக்கு 0.4596 மில்லி ஆம்பியர், அதாவது சுமார் 460 மைக்ரோ ஆம்பியர்.

இப்போது இடம் மாற்றுவோம். சோர்ஸ் வலது முனையில், மீட்டர் இடது முனையில். மீட்டரில் அதே 1 மில்லி ஆம்பியர் என்று தொடங்கினால் இடது சந்திப்பில் 1 வோல்ட்தான். குறுக்கே 0.4545, நடுவில் 1.4545 மில்லி ஆம்பியர், அதில் இறங்குவது 4.8 வோல்ட். வலது சந்திப்பில் 5.8 வோல்ட். குறுக்கே 5.8 மில்லி ஆம்பியர், மொத்தம் 7.2545. கடைசி 2.2 கிலோ ஓமில் 15.96 வோல்ட். கூட்டிப் பாருங்கள், 5.8 உம் 15.96 உம் சேர்ந்து 21.76. வழியில் வந்த எண்கள் எல்லாம் வேறு, போய்ச் சேர்ந்த இடம் மட்டும் ஒன்று.

ஏன் என்று கேட்டால் மேட்ரிக்ஸ் போட்டுக் காட்டலாம். ஆனால் இந்த லேடரில் அதைவிடத் தெளிவான வழி இருக்கிறது. முதல் 1 கிலோ ஓமும் குறுக்கே இருக்கும் 2.2 கிலோ ஓமும் சேர்ந்து ஒரு வோல்டேஜ் டிவைடர். விகிதம் 2.2 கீழ் 3.2, அதாவது 0.6875. வலது பக்கத்தில் 1 கிலோ ஓமும் 2.2 கிலோ ஓமும் சேர்ந்து கரண்டைப் பிரிக்கின்றன. மீட்டர் பக்கம் போகும் பங்கு 1 கீழ் 3.2, அதாவது 0.3125. நடுவில் மொத்தத் தடை 4.675 கிலோ ஓம். இடது டிவைடரின் தெவனின் தடை 0.6875, நடுவில் 3.3, வலது பக்க இணை 0.6875, மூன்றும் சேர்ந்தது. ஆகவே கரண்ட் மில்லி ஆம்பியரில்:

```
10 × 0.6875 ÷ 4.675 × 0.3125 = 0.4596
```

திருப்பிப் போட்டால் வலது பக்கம் வோல்டேஜைப் பிரிக்கும், இடது பக்கம் கரண்டைப் பிரிக்கும். விகிதங்கள் அதேதான். போகும்போது வோல்டேஜைப் பிரித்த ஜோடி, வரும்போது அதே பங்கில் கரண்டைப் பிரிக்கிறது:

```
10 × 0.3125 ÷ 4.675 × 0.6875 = 0.4596
```

பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறாது, அவ்வளவுதான் விஷயம். ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு நிலையிலும் ஒன்றாக இருப்பது மீட்டர் கரண்ட் மட்டுமே. சோர்ஸ் கொடுக்கும் கரண்ட் முதல் நிலையில் 4.14 மில்லி ஆம்பியர், இரண்டாவதில் 3.33. எடுக்கும் பவரும் அப்படியே மாறும். "எல்லாமே சமம்" என்று வைவாவில் சொல்லிவிடாதீர்கள்.

சரி, கணக்கு போதும், மீட்டரைப் போடுவோம். மீட்டரை 2000 மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சில் வைத்திருக்கிறேன். சோர்ஸ் இடது, மீட்டர் வலது. ரீடிங் 443. இப்போது மாற்றுகிறேன், சிவப்பு ப்ரோப் லேடர் பக்கம், கறுப்பு கிரவுண்டில், சோர்ஸின் பிளஸ் வலது முனையில். ரீடிங் 440. திரும்ப மாற்றினால் 443. திரும்பவும் 440.

இங்கேதான் இந்த வீடியோவே இருக்கிறது. இரண்டுமே 460-ஐ விடக் குறைவு, அதுவும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. "ரெசிஸ்டர் டாலரன்ஸ் சார்" என்று சொல்லத் தோன்றும். முதல் குறைக்கு அது ஓரளவு காரணமாக இருக்கலாம், இரண்டாவதற்கு இருக்கவே முடியாது. ரெசிஸ்டர் மதிப்பு என்னவாக இருந்தாலும் ரெசிப்ராசிட்டி நிற்க வேண்டும். 1 கிலோ ஓம் என்று எழுதியது உண்மையில் 1.04 ஆக இருந்தால் இரண்டு ரீடிங்கும் சேர்ந்துதான் நகரும். ஆகவே கணக்கோடு ஒத்துவராவிட்டால் ரெசிஸ்டரைச் சந்தேகப்படுங்கள். ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் நாம் அளந்த முறையைச் சந்தேகப்படுங்கள்.

குற்றவாளி அம்மீட்டர். இந்த வகை மீட்டர் உள்ளே ஒரு ஷன்ட் ரெசிஸ்டர் வைத்து அதன் குறுக்கே வரும் வோல்டேஜைத்தான் அளக்கிறது. முழு ரேஞ்சுக்கு சுமார் 200 மில்லி வோல்ட். 2000 மைக்ரோ ஆம்பியருக்கு 200 மில்லி வோல்ட் என்றால் 100 ஓம். அதாவது மீட்டரை வலது முனையில் வைக்கும்போது 2.2 கிலோ ஓம் 2.3 ஆகிறது. இடது முனையில் வைக்கும்போது 1 கிலோ ஓம் 1.1 ஆகிறது. நாம் ஒரே சர்க்யூட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை, இரண்டு வெவ்வேறு சர்க்யூட்டை அளந்துவிட்டோம். இந்த 100 ஓமைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் முதல் நிலையில் 445, இரண்டாவதில் 441 மைக்ரோ ஆம்பியர். நம் ரீடிங்குக்கு மிக அருகில்.

தீர்வு எளிது. சோர்ஸோடும் தொடராக ஒரு 100 ஓம் போடுங்கள். இப்போது மீட்டர் இருக்கும் முனையிலும் 100 ஓம், சோர்ஸ் இருக்கும் முனையிலும் 100 ஓம். இடம் மாற்றினாலும் சர்க்யூட் அப்படியே இருக்கும். போட்டுப் பார்க்கிறேன். இடதிலிருந்து 425. மாற்றினால் 425. கணக்குப்படி 427 வர வேண்டும், அந்த இரண்டு வித்தியாசம் இப்போது உண்மையிலேயே டாலரன்ஸ் கணக்கில் சேரும்.

"20 மில்லி ஆம்பியர் ரேஞ்சில் ஷன்ட் 10 ஓம்தானே, அங்கே வைத்திருந்தால் பிரச்சினையே இல்லையே" என்று கேட்பீர்கள். வித்தியாசம் குறையும், உண்மைதான். ஆனால் அந்த ரேஞ்சில் கடைசி இலக்கம் 10 மைக்ரோ ஆம்பியர். இரண்டு முறையும் 0.45-ஓ 0.46-ஓ காட்டும், நீங்களும் சரிபார்த்துவிட்டதாக நம்பிக்கொள்வீர்கள். அளவே போதாத அளவுகோல் அது. இன்னொரு விஷயம், பவர் சப்ளைக்குப் பதில் பழைய 9 வோல்ட் பேட்டரி போட்டால், சோர்ஸ் கரண்ட் இரண்டு நிலையிலும் வேறு என்று பார்த்தோம் அல்லவா, அதன் உள்தடையில் இறங்கும் வோல்டேஜும் மாறும். முனை வோல்டேஜை இரண்டு முறையும் அளந்துகொள்ளுங்கள்.

இப்போது அடிக்கடி நடக்கும் ஒரு குழப்பம். அம்மீட்டருக்குப் பதில் வோல்ட்மீட்டர் வைத்தால் என்ன? 100 ஓமை எடுத்துவிட்டு, 10 வோல்ட் இடதில், வோல்ட்மீட்டர் வலது முனையில். 1.38 வோல்ட். மாற்றினால் 1.11 வோல்ட். தியரம் பொய்யாகிவிட்டதா? இல்லை. வோல்டேஜ் சோர்ஸை அணைத்துவிட்டால் அது ஷார்ட், வோல்ட்மீட்டர் என்பது திறந்த முனை. முதல் நிலையில் இடது ஷார்ட், வலது திறந்தது. மாற்றினால் இடது திறந்தது, வலது ஷார்ட். மறுபடியும் இரண்டு வேறு சர்க்யூட். 100 ஓம் செய்த அதே வேலைதான், பெரிய அளவில். வோல்ட்மீட்டரைத்தான் பயன்படுத்துவேன் என்றால் கரண்ட் சோர்ஸோடு பயன்படுத்துங்கள். இரண்டுமே திறந்த முனை. இந்த லேடரில் 1 மில்லி ஆம்பியர் எந்தப் பக்கம் கொடுத்தாலும் மறுபக்கம் 338 மில்லி வோல்ட் வரும்.

கடைசியாக ஒன்று. நடுவில் இருக்கும் 3.3 கிலோ ஓமோடு தொடராக ஒரு 1N4148 டையோடு, கோடு வலது பக்கம் பார்த்து. சோர்ஸ் இடதில் இருந்தால் கரண்ட் வருகிறது. மாற்றினால் மீட்டரில் பூஜ்ஜியம். இது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான், ஒருவழிப் பாதை. "சரி, சோர்ஸின் போலாரிட்டியைத் திருப்பிவிட்டால் டையோடு கடத்துமே, அப்போது சமமாகுமா?" ஆகாது. மீட்டர் தடையை விட்டுவிட்டு, டையோடில் 0.6 வோல்ட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் இடதிலிருந்து சுமார் 419 மைக்ரோ ஆம்பியர், வலதிலிருந்து சுமார் 371 தான். இடதிலிருந்து வரும்போது நடுப்பகுதியைத் தள்ள 6.875 வோல்ட் இருக்கிறது, அதில் 0.6 போகிறது. வலதிலிருந்து வரும்போது இருப்பதே 3.125 வோல்ட், அதிலிருந்தும் அதே 0.6 போகிறது.