பழைய லேத் மிஷினை விற்றால் லாபமா நட்டமா? ஏட்டு மதிப்பில் இருக்கிறது விடை

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒரு லேத் மிஷின் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கப் போகிறோம். பேப்பரும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரில் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். 2021 ஏப்ரல் 1 அன்று 4,50,000 ரூபாய்க்கு ஒரு லேத் வாங்குகிறார்கள். லாரி வாடகைக்கும் அடித்தளம் போட்டு நிறுவுவதற்கும் இன்னொரு 50,000 ஆகிறது. மிஷின் ஓடத் தயாராகும்வரை ஆன செலவெல்லாம் அதன் அடக்கவிலையில் சேரும். அதனால் ஏட்டில் ஏறுவது 5,00,000. பத்து வருடம் உழைக்கும், கடைசியில் 20,000 தேறும் என்று மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் ஒரே தொகையை எழுதுகிற நேர்க்கோட்டு முறையில் வருடத்துக்கு 48,000, அதாவது மாதம் 4,000 தேய்மானம்.

2024 செப்டம்பர் 30 அன்று ஜிஎஸ்டி நீங்கலாக 3,10,000 ரூபாய்க்கு அதை விற்றுவிடுகிறார்கள். தரகருக்கு 5,000 போக, கையில் நிற்பது 3,05,000.

ஐந்து லட்சத்துக்கு வாங்கியது மூன்று லட்சத்துக்குப் போயிருக்கிறது, அப்படியானால் இரண்டு லட்சம் நட்டம் என்று சொல்லத் தோன்றும். அப்படி இல்லை. ஓடிய காலத்துக்கான தேய்மானம் ஏற்கெனவே செலவாக எழுதப்பட்டிருக்கிறது. ஒப்பிட வேண்டியது விற்ற நாளின் ஏட்டு மதிப்போடுதான், அதாவது அடக்கவிலையில் அதுவரையான தேய்மானம் போக மிஞ்சுகிற தொகையோடு.

விற்ற நாள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நிறைய பேர் மார்ச் 31 இருப்புநிலைக் குறிப்பில் இருக்கிற தொகையை அப்படியே எடுத்துவிடுகிறார்கள். மூன்று முழு வருடத்துக்கு 1,44,000 கழித்தால் மார்ச் முடிவில் 3,56,000. ஆனால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மிஷின் ஓடியிருக்கிறதே! அந்த ஆறு மாதத்துக்கு 24,000 தேய்மானத்தை முதலில் எழுத வேண்டும். அப்புறம்தான் ஏட்டு மதிப்பு 3,32,000 ஆகிறது. கிடைத்தது 3,05,000. நட்டம் 27,000.

அந்த 24,000-ஐ விட்டுவிட்டால் நட்டம் 51,000 என்று காட்டும். வருட லாபம் மொத்தத்தில் மாறாது, உண்மைதான். ஆனால் ஆறு மாத உற்பத்திக்கு ஆன செலவு, விற்பனை நட்டம் என்ற பெயரில் ஒளிந்துகொள்ளும். வேலைக்கு விலை சொல்கிறவருக்கு அது தப்பான கணக்கு.

பதிவு போடும்போது சொத்து விற்பனைக் கணக்கு என்று ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். பற்றுப் பக்கத்தில் அடக்கவிலை 5,00,000. வரவுப் பக்கத்தில் திரண்ட தேய்மானம் 1,68,000, வந்த பணம் 3,05,000. மிஞ்சுகிற 27,000 இலாப நட்டக் கணக்குக்குப் போகும். இதில் அதிகம் நடக்கிற தவறு, வந்த பணத்தை மட்டும் மிஷின் கணக்கில் வரவு வைத்துவிட்டு நிறுத்திக்கொள்வது. மிச்சத் தொகை ஏட்டிலேயே தங்கிவிடும், போன மிஷினுக்கு வருடா வருடம் தேய்மானமும் ஓடிக்கொண்டிருக்கும். சொத்துப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறையை ஒரு சுற்று வந்தால், ஏட்டில் இருந்து தரையில் இல்லாத மிஷின் தெரிந்துவிடும்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். இதே லேத், இதே விலை, இதே தேதி. முறையை மட்டும் மாற்றி, குறைந்துசெல் மதிப்பு முறையில், அதாவது ஒவ்வொரு வருடமும் மிஞ்சியிருக்கிற மதிப்பின் மேல், 15 சதவீதம் போடுங்கள். முதல் வருட முடிவில் 4,25,000, அடுத்து 3,61,250, அடுத்து 3,07,063. அரை வருடத்துக்கு 23,030 கழித்தால் 2,84,033. விற்ற பணம் 3,05,000. இப்போது 20,967 லாபம்!

பட்டறைக்குள் எதுவுமே மாறவில்லை. இரண்டு முறையிலும் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். முதலாவதில் தேய்மானம் 1,68,000, நட்டம் 27,000, கூட்டினால் 1,95,000. இரண்டாவதில் தேய்மானம் 2,15,967, அதில் லாபம் 20,967 போனால் அதே 1,95,000. ஐந்து லட்சம் போய் 3,05,000 திரும்பி வந்தது, வித்தியாசம் அவ்வளவுதான். ஆகவே விற்பனை நட்டம் என்பது இதுவரை குறைவாக எழுதிய தேய்மானம். விற்பனை லாபம் என்பது கூடுதலாக எழுதிய தேய்மானம். மிஷினை நல்ல விலைக்கு விற்றோமா என்று அறிய, அன்றைய பழைய மிஷின் சந்தை விலையைத்தான் விசாரிக்க வேண்டும்.

கடைசியாக வருமான வரி. இந்திய வரிக் கணக்கில் தேய்மானம் தனித்தனி மிஷினுக்கு இல்லை, ஒரே விகிதமுள்ள சொத்துகள் ஒரு தொகுதியாக இருக்கும். விற்ற தொகையை அந்தத் தொகுதியின் மதிப்பிலிருந்து கழிப்பார்கள். தொகுதியில் வேறு மிஷின்களும் மதிப்பும் மிஞ்சியிருக்கும்வரை இந்த ஒரு லேத்துக்கென்று லாப நட்டம் எழாது. அதனால் ஏட்டில் செலவாகக் காட்டிய 27,000-ஐ வரிக்கான வருமானம் கணக்கிடும்போது மறுபடி கூட்டிக்கொள்ள வேண்டும்.