சாய்த்து வைத்த ஸ்கேல்

வணக்கம் நேயர்களே. மலை, ஆறு, ஊர் எல்லாம் காட்டும் காகித வரைபடமான டோப்போ ஷீட்டில் ஓர் இடத்தின் கிரிட் எண்ணை எப்படிப் படிப்பது, எண்ணை யாராவது சொன்னால் அந்த இடத்தைக் கையால் எப்படிக் குறிப்பது என்று இன்றைக்குப் பார்க்கப்போகிறோம். கையில் ஒரு பென்சிலும், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் 30 சென்டிமீட்டர் ஸ்கேலும், ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையும் இருந்தால் போதும். பத்திரிகை எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் 'ஒன்றுக்கு ஐம்பதாயிரம்' தாளையே எடுத்துக்கொள்வோம். அதில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். தாள் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் ஓடும், அதுதான் கிரிட். கட்டம் போட்ட கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டமும் 2 சென்டிமீட்டர் சதுரம், அதாவது தரையில் 1 கிலோமீட்டர் சதுரம். நின்ற கோடுகளின் எண் தாளின் மேலும் கீழும் இருக்கும். அவை கிழக்கே போகப் போகக் கூடுவதால் ஈஸ்டிங் என்கிறோம். படுத்த கோடுகளின் எண் இடமும் வலமும் இருக்கும். அவை வடக்கே போகப் போகக் கூடும், அது நார்த்திங்.

ஒரு கோயிலின் அடையாளம் ஒரு கட்டத்துக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டத்தின் இடது பக்கக் கோடு 24, அடிப்பக்கக் கோடு 61. அப்படியானால் கட்டத்தின் பெயர் 2461. வலது கோட்டையோ மேல் கோட்டையோ பார்க்கவே வேண்டாம். இடதும் அடியும்தான். வீட்டுக்குள் நுழைந்துதானே மாடிப்படி ஏறுகிறோம்? முதலில் கிழக்கே நடக்க வேண்டும், பிறகு வடக்கே ஏற வேண்டும்.

இந்த வரிசை மாறிவிட்டால் என்ன ஆகும்? ஒரு தாளில் ஈஸ்டிங் 19 முதல் 46 வரையும் நார்த்திங் 55 முதல் 82 வரையும் இருந்தால், மாற்றிச் சொன்ன எண் அந்தத் தாளிலேயே கிடைக்காது. 61 என்ற நின்ற கோட்டைத் தேடுவீர்கள், இருக்காது. தவறு அங்கேயே தெரிந்துவிடும். இரண்டு வரிசையும் ஒரே எண்களுக்குள் ஓடும் தாளில்தான் ஆபத்து. மாற்றிப் படித்தாலும் ஏதோ ஓர் இடம் கிடைத்துவிடும், சந்தேகமே வராது.

நான்கு எண் சொன்னால் 1 கிலோமீட்டர் சதுரம்தான் கிடைக்கும். அதற்குள் ஒரு கிராமமே அடங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் பத்தாகப் பிரிக்கிறோம். 2 சென்டிமீட்டரில் பத்தில் ஒன்று 2 மில்லிமீட்டர். தரையில் 100 மீட்டர். 24ஆம் கோட்டிலிருந்து கோயிலின் நடுப்புள்ளி வரை அளக்கிறோம், 15 மில்லிமீட்டர் வருகிறது. இரண்டால் வகுத்தால் ஏழரை. எழுத வேண்டியது 7. 61ஆம் கோட்டிலிருந்து மேலே 17 மில்லிமீட்டர். வகுத்தால் எட்டரை, எழுத வேண்டியது 8. ஆக எண் 247618.

எட்டரையை ஏன் 9 ஆக்கவில்லை? இங்கே கொஞ்சம் நின்று பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் நன்றாகப் படிப்பவர்களும் தவறுகிற இடம் இதுதான். கிரிட் எண்ணில் முழுமையாக்கும் பழக்கம் கிடையாது. மிச்சத்தை வெட்டிவிட வேண்டும். வயது சொல்வது போல. ஒருவருக்கு 39 வயதும் 10 மாதமும் ஆனால் 39 என்றுதானே சொல்கிறோம்? 247618 என்பது ஒரு புள்ளியின் பெயரல்ல, 100 மீட்டர் சதுரத்தின் பெயர். அந்தச் சதுரத்தின் தென்மேற்கு மூலைதான் எண்ணாக வருகிறது. மேலே ஏற்றிவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். இதன் விபரீதம் கட்டத்தின் ஓரத்தில் தெரியும். 24ஆம் கோட்டிலிருந்து 19.6 மில்லிமீட்டரில் ஒரு கிணறு இருக்கிறது. வகுத்தால் 9.8. முழுமையாக்கினால் 10. இப்போது 24க்குப் பக்கத்தில் 10 என்று எழுத முடியாது, 250 என்று எழுதுவீர்கள். கிணறு 24ஆம் கட்டத்தில் இருக்கிறது, எண்ணோ 25ஆம் கட்டத்தைக் காட்டுகிறது. வெட்டி எழுதினால் 249, அது சரி.

எட்டு எண் சொல்லலாமே என்று கேட்பார்கள். எட்டு எண் என்றால் 10 மீட்டர். தாளில் அது 0.2 மில்லிமீட்டர். கூராக்கிய பென்சில் முனையின் கோடே அவ்வளவு தடிமன் வந்துவிடும். கோயில் அடையாளமே தரையில் கோயில் பிடிக்கும் இடத்தைவிடப் பெரிதாகத்தான் அச்சாகியிருக்கிறது. கையால் படிப்பவர் ஆறு எண்ணோடு நிற்பதுதான் நேர்மை.

இப்போது கல்யாணப் பத்திரிகை. அதன் வலது மேல் மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். மூலையிலிருந்து மேல் விளிம்பில் இடது பக்கமாக 2 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு, பத்துக் கோடுகள். அதே மூலையிலிருந்து வலது விளிம்பில் கீழ்நோக்கிப் பத்துக் கோடுகள். மூலை 0, விலகப் போகப் போக 1, 2, 3. அந்த மூலையைக் கோயிலின் நடுவில் வைத்து, விளிம்புகள் கிரிட் கோடுகளுக்கு இணையாக இருக்குமாறு பிடியுங்கள். 24ஆம் கோடு மேல் விளிம்பை வெட்டும் இடத்தில் ஈஸ்டிங்கின் மூன்றாவது எண் இருக்கும். 61ஆம் கோடு வலது விளிம்பை வெட்டும் இடத்தில் நார்த்திங்கின் மூன்றாவது எண் இருக்கும். வகுத்தலே வேண்டாம். திரும்பச் சொல்கிறேன்: வலது மேல் மூலை, அதுதான் இடத்தின் மேல்.

யாராவது எண்ணைக் கொடுத்து இடத்தைக் குறிக்கச் சொன்னால் அட்டையை எதிர்வழியில் நகர்த்த வேண்டும். மேல் விளிம்பின் 7 என்ற கோடு 24ஆம் கோட்டிலும், வலது விளிம்பின் 8 என்ற கோடு 61ஆம் கோட்டிலும் வரும்வரை நகர்த்தி, மூலையில் ஒரு புள்ளி வையுங்கள். தேடும் இடம் அந்தப் புள்ளியிலேயே இருக்காது. அங்கிருந்து வடகிழக்கே விரியும் 2 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் எங்கேயும் இருக்கலாம்.

இதிலே ஒரு சிக்கல். காகிதம் உயிருள்ள பொருள் போல. மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். ஜெராக்ஸ் எடுத்தால் இன்னும் மோசம். 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய கட்டம் 19.4 இருக்கும். அதனால் ஸ்கேலின் சென்டிமீட்டரை நம்பக் கூடாது, தாளில் அச்சான கோட்டைத்தான் நம்ப வேண்டும். வழி எளிது. ஸ்கேலைச் சாய்த்து வையுங்கள். ஸ்கேலின் 0 இடது கோட்டிலும், 3 சென்டிமீட்டர் வலது கோட்டிலும் விழும்வரை சாய்க்க வேண்டும். இப்போது கட்டம் 19.4 ஆக இருந்தாலும் 20.3 ஆக இருந்தாலும் ஒவ்வொரு 3 மில்லிமீட்டரும் பத்தில் ஒரு பங்குதான். ஸ்கேலின் முனை வேறு, 0 கோடு வேறு; பல ஸ்கேல்களில் 0 கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும், கோட்டைத்தான் வைக்க வேண்டும்.

ஒரு கட்டத்துக்குள் இந்தச் சுருக்கத்தால் வரும் பிழை அதிகபட்சம் 30 மீட்டர். கிரிட் கோடே இல்லாத தாள்களில்தான் சாய்த்த ஸ்கேலின் அருமை தெரியும். பழைய தாள்கள் பலவற்றில் 5 நிமிடத்துக்கு ஒன்றாக அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டும் ஓடும். நம் பக்கத்தில் இரண்டு அட்சரேகைகளுக்கு இடையே 18.4 சென்டிமீட்டர். அதே ஜெராக்ஸ் சுருக்கம் அங்கே ஐந்தரை மில்லிமீட்டர். தரையில் 275 மீட்டர்.

நீலகிரியின் தொட்டபெட்டாவைக் குறித்துப் பார்ப்போம். வினாடிகளை விட்டுவிட்டால் அது வடக்கே 11 டிகிரி 24 நிமிடம், கிழக்கே 76 டிகிரி 44 நிமிடம். பழைய எண் முறையில் தாள் 58 ஏ பை 11. அது 11 டிகிரி 15 நிமிடத்திலிருந்து 30 நிமிடம் வரையும், 76 டிகிரி 30 நிமிடத்திலிருந்து 45 நிமிடம் வரையும் காட்டும். தொட்டபெட்டா கிழக்கு ஓரத்தில் விழுகிறது. 20 நிமிடக் கோட்டில் ஸ்கேலின் 0, 25 நிமிடக் கோட்டில் 30 சென்டிமீட்டர், அப்படிச் சாய்க்கிறோம். 5 நிமிடம் என்பது 300 வினாடி, ஸ்கேலில் 300 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு வினாடி! 4 நிமிடத்துக்கு 24 சென்டிமீட்டரில் புள்ளி. ஸ்கேலைச் சற்று மேற்கே நகர்த்தி இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்து, கோட்டைக் கிழக்கே நீட்டுங்கள். ஓரத்தில் ஸ்கேலின் நுனி மார்ஜினுக்குள் போய்விடும் என்பதால்தான் மேற்கே தள்ளிக் குறிக்கிறோம். தீர்க்கரேகைக்கும் இதே வேலை: 40 நிமிடக் கோட்டில் 0, 45 நிமிடக் கோட்டில் 30, 24 சென்டிமீட்டரில் புள்ளி. இரண்டு பென்சில் கோடும் வெட்டுமிடம் நமக்கு வேண்டியது. சமஉயரக் கோடுகள் அதையொட்டி வளையமாக மூடி, 2637 மீட்டர் உச்சி சில மில்லிமீட்டருக்குள் இருந்தால் கை சரியாக வேலை செய்திருக்கிறது.

போனில் இதே இடம் 11.40 என்று வரும். அது 11 டிகிரி 40 நிமிடம் அல்ல. புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60ஆல் பெருக்க வேண்டும், 0.40 என்பது 24 நிமிடம். 40 என்று படித்தால் ஏறத்தாழ 29 கிலோமீட்டர் வடக்கே போய்விடுவீர்கள். நல்லவேளை, இந்தத் தாள் 30 நிமிடத்தோடு முடிகிறது.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள், இரண்டு விஷயத்தை மட்டும் ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய தாள்கள் எவரெஸ்ட் என்ற பூமி வடிவத்தை வைத்து வரையப்பட்டவை, போன் காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84. இந்த வித்தியாசத்திலேயே நம் பக்கத்தில் 100 மீட்டருக்கு மேல் விலகும். தாளின் ஓரக்குறிப்பில் எந்த வடிவம் என்று பாருங்கள். இன்னொன்று, புதிய தாள்களின் கிரிட் 78 டிகிரி தீர்க்கரேகையில் மண்டலம் மாறுகிறது. திண்டுக்கல் அந்தக் கோட்டுக்கு மேற்கே ஒட்டி இருக்கிறது, மதுரை கிழக்கே. ஒரு பக்கத்துத் தாளின் எண் மறுபக்கத்துத் தாளில் தொடராது. அதனால் கிரிட் எண் சொல்லும்போது தாள் எண்ணையும் சேர்த்தே சொல்லுங்கள். வணக்கம்.