மூணு கோடும் ஒரே மூலையில சந்திச்சா சிம்ப்ளக்ஸ் ஏன் நின்ன இடத்துலயே நிக்குது?

வணக்கம். நேரா கணக்குக்குப் போயிடலாம். போர்டுல எழுதியிருக்கிறதைப் பாருங்க.

```
z = 4x + 3y   (பெருமம்)
x + 2y ≤ 10   நீலம்
x +  y ≤ 6    சிவப்பு
2x + y ≤ 8    பச்சை
x, y ≥ 0
```

மூணு கோட்டையும் வரைஞ்சிடலாம். நீலம் (10, 0)லேருந்து (0, 5)க்குப் போகுது. சிவப்பு (6, 0)லேருந்து (0, 6). பச்சை (4, 0)லேருந்து (0, 8). நீலமும் பச்சையும் வெட்டிக்கிற இடம் (2, 4). சிவப்பும் அதே புள்ளி வழியாத்தான் போற மாதிரி தெரியுது.

"தெரியுது"ன்னு சொன்னேனே, அதை அப்படியே நம்பிடாதீங்க. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு அலகுன்னு கிராஃப் போட்டா, சிவப்போட வலப்பக்கம் 6க்குப் பதிலா 6.05ஆ இருந்தாலும் கோடு நகர்றது அரை மில்லிமீட்டர்கூட வராது. பென்சில் முனையோட தடிப்புலயே அது மறைஞ்சிடும். அதனால ரெண்டு கோட்டைத் தீர்த்துப் புள்ளியைக் கண்டுபிடிச்சு, மூணாவதுல போட்டுப் பாருங்க. 2 + 4 = 6. சரியா வந்துடுச்சு. மூணும் உண்மையிலேயே ஒரே புள்ளியிலதான் சந்திக்குது.

சமதளத்துல ஒரு மூலையைக் குறிக்க ரெண்டு கோடு போதும். இங்க மூணு இருக்கு. தேவைக்கு மேல கோடுகள் வந்து சேர்ற இப்படிப்பட்ட மூலையைத்தான் டிஜெனரேட் மூலைன்னு சொல்றோம். x = 0, y = 0 ரெண்டும்கூட கோடுதான், அதையும் எண்ணிக்கையில சேர்த்துக்கணும். அச்சு மேல இருக்கிற ஒரு மூலையில ரெண்டு கட்டுப்பாட்டுக் கோடு வந்து சேர்ந்தா அதுவும் இதே வகைதான். பரீட்சைத் தாள்ல நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான்.

இப்ப ஏற்புடைய பகுதிக்கு நிழல் போடுறேன். மூலைகள் (0, 0), (4, 0), (2, 4), (0, 5). நாலே நாலு. சிவப்புக் கோடு இந்தப் பகுதியை ஒரே ஒரு புள்ளியில தொட்டுட்டுப் போயிடுது, அதுக்குன்னு ஒரு விளிம்பு கிடையாது. ஏன்னு கணக்கிலயே பார்க்கலாம். நீலத்தையும் பச்சையையும் கூட்டுங்க: 3x + 3y ≤ 18. மூணால வகுத்தா x + y ≤ 6, அதுதான் சிவப்பு. மத்த ரெண்டும் சேர்ந்து ஏற்கெனவே சொன்னதையே சிவப்பு திரும்பச் சொல்லுது. சமதளத்துல இந்த மாதிரி குணகம் எல்லாம் நேர்மறையா இருக்கிற மூணு ≤ கோடு ஒரு மூலையில சேர்ந்தா, சாய்வுல நடுவுல இருக்கிறது எப்பவும் இப்படித்தான் உபரியாப் போகும். இங்க சாய்வு −1/2, −1, −2. நடுவுல சிவப்பு.

"அப்ப சிவப்பை அழிச்சிட்டா வேலை முடிஞ்சுதே"ன்னு தோணும். அவசரப்படாதீங்க, நிழல் விலைக்கு வரும்போது அது எங்க கடிக்குதுன்னு காட்டுறேன்.

மூலைகள்ல z மதிப்பு முறையே 0, 16, 20, 15. பெருமம் (2, 4)ல, 20. படத்தை மட்டும் பார்க்கிறவங்களுக்கு கதை இதோட முடிஞ்சுது. சிம்ப்ளக்ஸுக்கு இங்கதான் ஆரம்பிக்குது. ஏன்னா சிம்ப்ளக்ஸ் புள்ளியைப் பார்க்கிறதில்ல, அந்தப் புள்ளியில எந்த ரெண்டு கோட்டைப் பிடிச்சிட்டு நிக்கிறோம்ங்கிறதைத்தான் பார்க்குது. நீலம்-சிவப்பு, நீலம்-பச்சை, சிவப்பு-பச்சைன்னு மூணு ஜோடி. மூணுக்கும் புள்ளி ஒண்ணுதான், (2, 4). அட்டவணை மட்டும் மூணு விதமா இருக்கும்.

(0, 5)லேருந்து கிளம்புவோம். வழக்கமா பெரிய குணகத்தைப் பார்த்து x-ஐ முதல்ல உள்ள கொண்டு வருவோம், அப்படிப் போனா (4, 0) வழியா வரும். நான் வேணும்னே y-ஐ முதல்ல எடுத்து இந்தப் பக்கம் வர்றேன், ஏன்னா வேடிக்கை இந்தப் பக்கம்தான் இருக்கு.

(0, 5)ல நீலக் கோட்டு மேல நிக்கிறோம். x-ஐ ஏத்திக்கிட்டே நீலக் கோட்டு வழியா கீழ இறங்குறோம். இந்த இடத்துல சிவப்போட ஸ்லாக் 1, பச்சையோட ஸ்லாக் 3. x ஒரு அலகு கூடினா சிவப்பு ஸ்லாக் 1/2 குறையும், பச்சை ஸ்லாக் 3/2 குறையும். விகிதச் சோதனை போடுங்க: 1-ஐ 1/2ஆல வகுத்தா 2. 3-ஐ 3/2ஆல வகுத்தா அதுவும் 2. ரெண்டும் சமம். படத்துல சொல்லணும்னா, நீலக் கோட்டு வழியா வந்தவன் சிவப்புச் சுவத்துலயும் பச்சைச் சுவத்துலயும் ஒரே நேரத்துல முட்டுறான். விகிதம் சமமா வந்தா, அடுத்த அட்டவணையில ஒரு அடிப்படை மாறியோட மதிப்பு பூஜ்யமாத்தான் நிக்கும். டிஜெனரேட் மூலைக்கு வந்துட்டோம்ங்கிறதுக்கு அதுதான் அடையாளம்.

இப்ப யாரை வெளியே அனுப்புறது? சிவப்பு ஸ்லாக்கை அனுப்புறேன்னு வைங்க. பச்சை ஸ்லாக் உள்ளேயே இருக்கு, மதிப்பு 0. z வரியை எழுதினா இப்படி வரும்:

```
z = 20 + s1 − 5·s2
```

s1 நீல ஸ்லாக், s2 சிவப்பு ஸ்லாக். s1-ஓட குணகம் +1. அதாவது அட்டவணை சொல்லுது, "இன்னும் பெருமம் வரல, நீலத்தை விடு, ஒவ்வொரு அலகுக்கும் 1 ஏறும்"னு. ஆனா படத்துல பார்த்தா 20தான் பெருமம்னு நமக்குத் தெரியும்! யார் சொல்றது சரி?

அட்டவணை சொல்ற திசையில போய்ப் பார்ப்போம். நீலத்தை விட்டுட்டு சிவப்பைப் பிடிச்சிட்டு நகர்ந்தா திசை (1, −1). z அந்தத் திசையில 4 − 3 = 1 ஏறுது, அதுவரைக்கும் பொய் இல்ல. ஆனா பச்சை? 2x + y அதே திசையில 2 − 1 = 1 ஏறுது, பச்சையில மிச்சம் இருக்கிறதோ பூஜ்யம். ஒரு இம்மிகூட நகர முடியாது. விகிதச் சோதனையில 0 வரும். பச்சை ஸ்லாக் வெளியே, நீல ஸ்லாக் உள்ளே. புள்ளி அதே (2, 4), z அதே 20, புது வரி z = 20 − 2·s2 − s3. s3 பச்சை ஸ்லாக். ரெண்டு குணகமும் எதிர்மறை, இப்பத்தான் அட்டவணை பெருமம்னு ஒத்துக்குது. நின்ன இடத்துல நின்னுக்கிட்டே, பிடிச்சிருந்த கோட்டை மட்டும் மாத்தின படி இது.

இதை அட்டவணையே இல்லாம படத்துலயே பார்க்க ஒரு வழி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒவ்வொரு கோட்டுக்கும் அதோட குணகங்களையே அம்புக்குறியா (2, 4)லேருந்து வரைங்க. நீலம் (1, 2), சிவப்பு (1, 1), பச்சை (2, 1). குறிக்கோள் சார்புக்கும் ஒண்ணு: (4, 3). எந்த ஜோடிக்கு நடுவுல குறிக்கோள் அம்பு விழுதோ, அந்த ஜோடிதான் பெருமம்னு சான்று தரும். (4, 3) பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவுல விழுது. பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவுலயும் விழுது. ஆனா சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவுல விழல, வெளியே நிக்குது. அதனாலதான் நீலம்-சிவப்பு அட்டவணை முரண்டு பிடிச்சுது.

இந்தக் கணக்குல ஒரு வெட்டிப் படியோட தப்பிச்சோம். பெரிய கணக்குல இப்படி வெட்டிப் படிகளாவே போய் பழைய அட்டவணைக்கே திரும்பி வந்து, முடிவே இல்லாம சுத்தவும் வாய்ப்பு இருக்கு. அதைத் தடுக்க 1977ல பிளாண்ட் ஒரு விதி சொன்னார்: உள்ளே வர்றதுக்கும் வெளியே போறதுக்கும் தகுதியான மாறிகள்ல எப்பவும் சின்ன வரிசை எண் உள்ளதையே எடு. சுத்தவே சுத்தாதுன்னு நிரூபணம் இருக்கு. வேகம் குறைவுங்கிறது வேற விஷயம்.

சரி, சிவப்பை அழிக்கலாமாங்கிற கேள்விக்கு வர்றேன். அந்த அம்புகள்லேருந்தே நிழல் விலை கிடைக்கும். நீலம்-பச்சை ஜோடியில (4, 3)-ஐப் பிரிச்சா நீலத்துக்கு 2/3, பச்சைக்கு 5/3, சிவப்புக்கு 0. சிவப்பு-பச்சை ஜோடியில சிவப்புக்கு 2, பச்சைக்கு 1, நீலத்துக்கு 0. கணக்கு ஒண்ணு, விடை ஒண்ணு, விலைப்பட்டியல் ரெண்டு. சாஃப்ட்வேர் எந்த ஜோடியில போய் நின்னுதோ அந்தப் பட்டியலை மட்டும் அச்சடிச்சுக் குடுக்கும், இன்னொண்ணு இருக்குன்னே சொல்லாது.

சிவப்போட விலை 0ன்னு வந்த அறிக்கையை நம்பி, "இது உபரிதானே, 6-ஐ 5.5 ஆக்கிடலாம்"னு குறைச்சுப் பாருங்க. (2, 4) மூலை வெட்டுப்பட்டு ரெண்டா பிரியுது: (1, 4.5), (2.5, 3). புதுப் பெருமம் (2.5, 3)ல, z = 19. அரை அலகு குறைச்சதுக்கு 1 போச்சு, அலகுக்கு 2. மாறா 6-ஐ 7 ஆக்கினா? ஒண்ணும் நடக்காது, z 20லயே இருக்கும். ஆக சிவப்புக்கு குறைச்சா விலை 2, கூட்டினா விலை 0. பச்சைக்கும் அப்படியே, குறைச்சா 5/3, கூட்டினா 1. உபரின்னு நினைச்சு சிவப்பை அழிச்சிட்டா, குறைக்கிற பக்கம் இருக்கிற இந்த 2 உங்க கண்ணுலயே படாது.

எக்செல் சால்வர் அறிக்கையில இதைக் கண்டுபிடிக்க, Allowable Increase, Allowable Decrease ரெண்டு பத்தியையும் பாருங்க. வலப்பக்க எண்ணுக்கு நேரா அதுல எங்கயாவது 0 இருந்தா அந்த விலை ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் செல்லும். சிவப்புக்கு விலை 0ன்னு வந்தா Allowable Decrease 0ஆ இருக்கும். விலை 2ன்னு வந்தா Allowable Increase 0. அந்தப் பக்கத்து விலை வேணும்னா வலப்பக்க எண்ணைக் கொஞ்சம் மாத்தி மறுபடி தீர்க்கிறதுதான் நேரான வழி.

கடைசியா ஒண்ணு. நடுக் கோடு எப்பவும் உபரின்னு சொன்னேனே, அது சமதளத்துக்கு மட்டும்தான். முப்பரிமாணத்துல ஒரு மூலைக்கு மூணு தளம் போதும். சதுர அடிப் பிரமிடை எடுத்துக்கோங்க, இங்க z குறிக்கோள் சார்பு இல்ல, மூணாவது அச்சு:

```
x + z ≤ 1,   −x + z ≤ 1
y + z ≤ 1,   −y + z ≤ 1,   z ≥ 0
```

உச்சி (0, 0, 1). நாலு தளம் அங்க சேருது, அதனால டிஜெனரேட். நாலுல எந்த மூணை எடுத்தாலும் அதே உச்சிதான், ஆக நாலு அட்டவணை. ஆனா ஒரு தளத்தை எடுத்துப் பாருங்க: x + z ≤ 1 போச்சுன்னா அந்தப் பக்கம் சுவரே இல்ல, பகுதி x திசையில முடிவில்லாம ஓடும். நாலுமே தேவை, ஒண்ணுகூட உபரி இல்ல. அதனால உபரிக் கட்டுப்பாடுகளை நீக்குற முன்செயலாக்கம் எவ்வளவு நல்லா வேலை செஞ்சாலும், இந்த மாதிரி உச்சியை அதால ஒண்ணும் பண்ண முடியாது.