ஒரு ஆர்டருக்கு இரண்டு லேபிள்

நேயர்களுக்கு வணக்கம். இணையத்தில் கடை நடத்தும் சிறு வியாபாரிகளுக்குக் கடை, கூரியர், கணக்கு மூன்றையும் இணைத்துக் கொடுப்பது என் வேலை.

சென்னிமலைப் பக்கம் பெட்ஷீட் விற்கும் ஒரு குடும்பம். நாளுக்கு நாற்பது ஆர்டர் வரும். ஷாப்பிஃபை கடையில் விழும் முகவரியை மகள் கூரியர் தளத்தில் தட்டுவார். அதையே பில் போட அப்பா மறுபடி ஜோஹோ புக்ஸில் தட்டுவார். பின்கோடில் இரண்டு எண் இடம் மாறினால் போதும், பார்சல் வேறு ஊரைச் சுற்றிவிட்டு வீட்டுக்கே வந்து சேரும்.

இதை மாற்றினோம். ஆர்டர் விழுந்ததும் கடை ஒரு தகவல் அனுப்பும். அதற்கு வெப்ஹூக் என்று பெயர். நடுவில் இருக்கும் நிரல் அதை வாங்கி, பார்சல் மேல் ஒட்டும் முகவரி லேபிளைக் கூரியரிடம் கேட்கும். பிறகு கணக்கில் பில் போடும். தமிழ்நாட்டுக்குள் போகும் பார்சல் என்றால் வரி சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பாதிப் பாதியாகப் பிரியும். பெங்களூருக்கு என்றால் மொத்தமும் ஐஜிஎஸ்டி. அந்த வேறுபாட்டையும் நிரலே பார்த்துக்கொள்ளும்.

மூன்றாம் நாள் காலை மகள் போன் செய்தார். "அண்ணா, ஆர்டர் 41, லேபிள் 43 வந்திருக்கு."

தப்பு என்னுடையது. தகவல் அனுப்பிய கடை, "கிடைத்தது" என்ற பதிலுக்கு ஐந்து நொடிதான் காத்திருக்கும். நானோ லேபிள் கைக்கு வந்த பிறகுதான் பதில் சொல்லும்படி எழுதியிருந்தேன். முந்தின இரவு கூரியர் தளம் மெதுவாக ஓடியது. பதில் வரவில்லையே என்று கடை இரண்டு ஆர்டர்களை இன்னொரு முறை அனுப்பியது. நிரலும் சொன்னபடி ஒவ்வொன்றுக்கும் இன்னொரு லேபிள், இன்னொரு பில் போட்டுவிட்டது. லேபிளை ரத்து செய்வது சுலபம். பில் அப்படியில்லை. ஜிஎஸ்டியில் பில் எண்கள் வரிசையாக இருக்க வேண்டும். நடுவில் ஒன்றைச் சத்தமில்லாமல் அழித்தால் ஆடிட்டர் கேட்பார். அதனால் கூடுதலாக விழுந்த இரண்டு பில்லையும் ரத்து என்று குறித்து, எண்ணை அப்படியே விட்டோம்.

இப்போது தகவல் வந்த நொடியே "கிடைத்தது" என்று சொல்லி, ஆர்டரை ஒரு பட்டியலில் எழுதிவிடுகிறோம். மற்ற வேலை பிறகுதான். லேபிளோ பில்லோ போடும் முன், அந்த ஆர்டர் எண்ணுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று நிரல் தேடும். இருந்தால் தாண்டிப் போகும். அதற்காகவே பில்லில் குறிப்பு எண் கட்டத்தில் கடையின் ஆர்டர் எண்ணைப் போடுகிறோம்.

எல்லாம் தானாக ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். போன் எண்ணுக்கு முன்னால் +91 சேர்ந்தாலே சில கூரியர் தளங்கள் ஆர்டரைத் திருப்பிவிடும். அந்த +91ஐ நிரல் வெட்டிவிடும். ஆனால் "மாரியம்மன் கோயில் எதிர்ல" என்று மட்டும் எழுதிய முகவரியை அது என்ன செய்யும்? அப்படிப்பட்டவை தனிப் பட்டியலில் நிற்கும். தினமும் நாலைந்து தேறும். காலையில் கூரியர் வண்டி வருவதற்குள் மகள் அந்த வாடிக்கையாளர்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுகிறார்.