நாலு தடவை படித்தும் சிக்காத பத்திரப் பிழை

வணக்கம், சேலத்திலிருந்து பேசுகிறேன். கிரயப் பத்திரம் தயார் செய்யும் ஜூனியர் வக்கீல்கள் பலரும் சொல்வது இது: “நாலு தடவை படித்தேன், பிழை கண்ணில் படவே இல்லை.” டைப் செய்த கையோடு படித்தால் படாதுதான். எழுத நினைத்தது மனதில் அப்படியே நிற்கும்; தாளில் இருப்பதை விட்டுவிட்டு அதைத்தான் படித்துக்கொண்டு போவோம்.

சொத்தின் நாலு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தி ஒன்றை வாசிக்கிறேன், கேளுங்கள். அடிவாரம் பக்கம் ஒரு வீட்டுமனை என்று வைத்துக்கொள்வோம். “தார் ரோட்டுக்கு மேற்கு, 14-ஆம் நம்பர் மனைக்குக் கிழக்கு, 11-ஆம் நம்பர் மனைக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு.” பத்தியாக ஓடும்போது உறுத்தவே உறுத்தாது. இதையே வரிக்கு ஒன்றாக உடைத்து, திசையை மட்டும் தனிக் கட்டத்தில் போடுங்கள். மேற்கு, கிழக்கு, வடக்கு, கிழக்கு. தெற்கைக் காணோம்! பாதை மனைக்கு வடபுறம் இருக்கிறது, அதனால் “பாதைக்குத் தெற்கு” என்று வந்திருக்க வேண்டும். இப்படியே பதிவாகிவிட்டால் பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும். அதற்கு விற்றவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

நான் செய்வது இதுதான். மாலையில் முடித்த வரைவை மறுநாள் காலையில்தான் எடுப்பேன். அவசரம் என்றால் நடுவில் வேறொரு கட்சிக்காரரின் கேஸ் கட்டைப் பார்த்துவிட்டு வருவேன். வெறுமனே டீ குடித்துவிட்டு வந்தால் போதாது, மனதில் அதே வரிகள்தான் ஓடும். பிறகு ஃபைலை நகல் எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, பத்தியின் அகலத்தைப் பாதியாகக் குறைத்து பிரிண்ட் எடுப்பேன். வரி முடியும் இடமெல்லாம் மாறிவிடும். பழைய பத்திரத்தின் ஃபைலையே மாற்றி அடித்ததில் “எழுதிக் கொடுப்பவர்”, “எழுதி வாங்குபவர்” இடம் மாறி நின்றால் அப்போது பளிச்சென்று தெரியும். இன்னொன்று, சொத்து விவரத்தை முதலில் படியுங்கள். அது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, அங்கே போவதற்குள் கண் களைத்துவிடும்.

ஃபாண்டை மாற்றலாமா என்று கேட்பீர்கள். யூனிகோடில் அடித்திருந்தால் தாராளமாக மாற்றலாம். பாமினி மாதிரி பழைய ஃபாண்ட் என்றால் கை வைக்காதீர்கள், எழுத்தெல்லாம் குழம்பிவிடும். அளவையும் வரி இடைவெளியையும் மாற்றினாலே போதும். அப்புறம், திருத்தத்தை அசல் ஃபைலில்தான் செய்ய வேண்டும், நகலில் அல்ல.

இந்த முறைக்கும் பிடிபடாத பிழை ஒன்று உண்டு. சர்வே எண் 112/3 என்பது 112/8 என்று விழுந்திருந்தால், எத்தனை நாள் கழித்து எந்த வடிவில் பார்த்தாலும் அது சரியான எண் மாதிரியே தெரியும். அதற்கு மூலப்பத்திரத்தையும் பட்டாவையும் ஒருவர் சத்தமாக வாசிக்க, நீங்கள் வரைவில் ஒவ்வொரு எண்ணாக டிக் அடித்துக்கொண்டு வர வேண்டும்.