ஐந்துக்கும் ஏழுக்கும் பாதி எங்கே?

அனைவருக்கும் வணக்கம். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலையான கொன்னக்கோல் படிக்கிறவர்கள் பலரை வாட்டுகிற ஒரே ஒரு சிக்கலைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொள்ளப் போகிறேன். தாளம் போடும் கை மாறாமல் இருக்க, வாய் மட்டும் ஒரு தட்டுக்குள் மூன்று, ஐந்து, ஏழு என்று சொல்ல வேண்டும். சொற்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். மூன்றுக்குத் தகிட, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிடதகதிமி. ஒரு மணி நேரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். ஆனால் அவை தட்டுக்குள் சமமாக உட்கார மாதக்கணக்கில் ஆகிறது.

ஏன் என்று பாருங்கள். தகிடதகதிமி என்பதில் தகிட, தகதிமி என்று இரண்டு துண்டுகள் இருக்கின்றன. நம் காது அதைப் பிடித்துக்கொண்டு, தட்டின் முதல் பாதியைத் தகிடவுக்கும் இரண்டாம் பாதியைத் தகதிமிக்கும் கொடுத்துவிடுகிறது. எண்ணினால் ஏழு வரும், கையும் சரியாக விழும். ஆனால் முதல் மூன்று மெதுவாகவும் அடுத்த நான்கு வேகமாகவும் போயிருக்கும். தட்டுக்கு ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஏழும் சமமாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 0.21 விநாடி. இந்தத் தவற்றில் முதல் மூன்றுக்கும் 0.25, அடுத்த நான்குக்கும் 0.19 தான். சொல்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. மிருதங்கம் கூடச் சேரும்போதுதான் உரசல் கேட்கும். தகதகிடவிலும் இதே கதைதான்: தக பாதி, தகிட பாதி.

மூன்றில் தவறு வேறு மாதிரி வரும். தகிட சொல்லி ஒரு மூச்சு விட்டால் அது நான்காகிவிடும். அதைக் கேட்டவுடன் கண்டுபிடித்துவிடலாம், விட்டுவிடுவோம்.

சரி, ஐந்திலும் ஏழிலும் எப்படிக் கண்டுபிடிப்பது? இவை ஒற்றை எண்கள். பாதி இடத்தில் எந்தச் சொல்லும் தொடங்கக் கூடாது. இதைக் கையாலேயே சோதிக்கலாம். ஒரு சொற்கட்டை இரண்டு தட்டுக்கு நீட்டிச் சொல்லுங்கள். அப்போது இரண்டாவது தட்டுதான் அந்தப் பாதி. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒரு கார்வை, அதாவது ஓர் இடத்துக்கு மௌனம், வையுங்கள்: த, க, த, கி, ட, என்று. ஐந்து சொல்லும் ஐந்து கார்வையுமாகப் பத்து இடம். முதல் தட்டு முதல் இடத்தில், இரண்டாவது தட்டு ஆறாவது இடத்தில். அந்த ஆறாவது இடம் மூன்றாவது சொல்லான தவுக்குப் பின்னால் வரும் கார்வை. அதாவது கை மௌனத்தில் விழ வேண்டும். ஏழுக்குப் பதினான்கு இடம், இரண்டாவது தட்டு எட்டாவது இடத்தில்: த, கி, ட, த, என்று நாலாவது சொல் முடிந்த பின் வரும் கார்வையில். கையும் தவும் ஒன்றாக விழுந்தால், நீங்கள் மூன்றையும் நான்கையும் பாதிபாதியாகப் பங்கு போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நான் படித்த காலத்தில் என் குருநாதர் என் வாயைக் கவனிக்கவே மாட்டார். கையைத்தான் பார்ப்பார். மிஸ்ரத்தில், அதாவது ஏழில், என் கை கொஞ்சம் தயங்கி, நாலாவது சொல்லுக்காகக் காத்திருக்கும். 'கை ஏன் நிற்கிறது? அது யாருக்கும் காத்திருக்காது' என்பார். அப்புறம் தாளத்தை அவர் போடுவார், நான் சொல்ல மட்டும் வேண்டும். அப்போதுதான் என் ஏழு எவ்வளவு கோணல் என்று புரிந்தது. நீங்களும் தாளத்தை இன்னொருவரிடமோ மெட்ரோனோமிடமோ கொடுத்துப் பாருங்கள். மெட்ரோனோமை 80-இல் வைத்து, இரண்டு சத்தத்துக்கு ஒரு தகிடதகதிமி. மொத்தம் ஒன்றரை விநாடி, நான் மேலே சொன்ன அதே கணக்கு.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஐந்துக்கு ததிகிணதொம் என்ற சொற்கட்டு உண்டு. அதில் இரண்டு, மூன்று என்ற ஒட்டு காதில் விழாது. அதனால் பங்கு போடும் ஆசையும் வராது. ஒரு தடவை ததிகிணதொம், ஒரு தடவை தகதகிட என்று மாற்றி மாற்றிச் சொன்னால், இரண்டாவது கோணினால் உடனே தெரிந்துவிடும். ஏழுக்கு த, தி, கிணதொம்: தவுக்குப் பின் ஒரு கார்வை, திக்குப் பின் ஒரு கார்வை. இதில் நாலாவது மாத்திரையே கார்வைதான், இரண்டு தட்டுக்கு நீட்டினால் கை தானாகவே அந்த வெற்றிடத்தில் விழும். ஏழு பிடிபடாதவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் கொடுக்கிறேன்.

இனி ஆதி தாளத்தில் செய்து பார்ப்போம். எட்டுத் தட்டு, சொற்கட்டுக்கு இரண்டு தட்டு, ஆக ஓர் ஆவர்த்தனத்துக்கு நான்கு சொற்கட்டு. முதல் ஆவர்த்தனம் தகிட, அடுத்தது தகதகிட, மூன்றாவது தகிடதகதிமி, பிறகு மறுபடி தகிட. கடைசி மாற்றத்தில் கவனமாக இருங்கள். ஏழின் வேகம் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், தகிட ஓடிவிடும். இரண்டாவது சொல்லான கிக்குப் பின் வரும் கார்வையில் தட்டு விழுகிறதா என்று பாருங்கள், அங்கே விழுந்தால் தகிட ஓடாமல் சரியாக நிற்கிறது. கையை எடுங்கள். தாளம் நான் போடுகிறேன்.